தங்கம் வாங்க எந்த நேரம் நல்ல நேரம்?

முதன்முறையாகத் தங்கம் வாங்கப் போகிறவருக்கு ஆலோசனை சொல்ல ஆள்களுக்குக் குறைவே இல்லை. "கடை திறந்தவுடன் போ, விலை குறைவாக இருக்கும்" என்பார் பெரியம்மா. "மாலைவரை பொறுத்திரு. லண்டன் சந்தை திறந்த பிறகுதான் உண்மையான விலை தெரியும்" என்பார் உடன் வேலை செய்பவர். "சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் வாங்காதே" என்பார் பக்கத்து வீட்டு மாமா. மூவரும் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால், மூன்றையும் ஒருசேரப் பின்பற்ற முடியாது. நாளின் எந்த நேரத்தில் வாங்குகிறோம் என்பது உண்மையிலேயே விலையை மாற்றுமா? மாற்றும் என்றால் எவ்வளவு மாற்றும்? சில மாதங்களாகச் சேமித்த பணத்தைக் கொண்டு சிராங்கூன் சாலைக்குப் போகும் ஒருவர் இதைத் தெரிந்துகொள்வது பயன் தரும்.

விலை எங்கிருந்து வருகிறது?

நகைக் கடையின் சுவரில் ஒரு பலகை இருக்கும். அதில் '916' என்றும் அதற்கு எதிரே ஒரு கிராமின் விலையும் காட்டப்பட்டிருக்கும். 916 என்பது 22 காரட் தங்கத்தைக் குறிக்கும். அதாவது, ஆயிரம் பங்கில் 916 பங்கு தூய தங்கம். எஞ்சியவை நகைக்கு உறுதி தருவதற்காகச் சேர்க்கப்படும் செம்பு, வெள்ளி போன்ற உலோகங்கள். தூய தங்கம் மிகவும் மென்மையானது. அதைக் கொண்டு மட்டும் சங்கிலி செய்தால் எளிதில் வளைந்து தேய்ந்துவிடும்.

பலகையில் உள்ள விலையைக் கடைக்காரர் தம் விருப்பப்படி எழுதிவிடுவதில்லை. அதன் வேர் உலகச் சந்தையில் இருக்கிறது. அங்கே தங்கத்தின் விலை அமெரிக்க டாலரில், ஒரு டிராய் அவுன்சுக்கு இவ்வளவு என்று சொல்லப்படுகிறது. ஒரு டிராய் அவுன்ஸ் ஏறத்தாழ 31.1 கிராம். கடைக்காரர் அந்த விலையைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றுகிறார், 31.1ஆல் வகுத்து ஒரு கிராமின் விலையைக் கண்டுபிடிக்கிறார். 22 காரட் தூய்மைக்கு ஏற்ப அதைக் குறைக்கிறார். பிறகு தம் கடையின் செலவுக்கும் ஆதாயத்துக்குமாக ஒரு சிறு தொகையைக் கூட்டுகிறார். அதனால், உலகச் சந்தையில் தங்கத்தின் விலை அசைந்தாலும் சிங்கப்பூர் வெள்ளியின் மாற்று விகிதம் அசைந்தாலும் பலகையில் உள்ள எண் மாற வேண்டியிருக்கும்.

உறங்காத சந்தை

உலகத் தங்கச் சந்தை வார நாள்களில் ஏறத்தாழ நாள் முழுவதும் இயங்குகிறது. சிங்கப்பூர் நேரப்படி திங்கட்கிழமை அதிகாலையில் வாரத்தின் வணிகம் தொடங்குகிறது. சனிக்கிழமை விடியற்காலையில் நியூயார்க்கில் வெள்ளிக்கிழமை மாலையாகும்போது அது முடிகிறது. இடையில் வணிகம் ஆசியாவிலிருந்து லண்டனுக்கும், லண்டனிலிருந்து நியூயார்க்குக்கும், மீண்டும் ஆசியாவுக்கும் சூரியனோடு சேர்ந்து நகர்கிறது.

ஆனால், எல்லா மணி நேரமும் ஒரே மாதிரி இருப்பதில்லை. லண்டனில் ஒவ்வொரு வேலை நாளும் காலை 10.30 மணிக்கும் பிற்பகல் 3.00 மணிக்கும் ஏலம் நடத்தி ஓர் அடிப்படை விலையை நிர்ணயிக்கிறார்கள். இந்த வழக்கம் 1919ஆம் ஆண்டு தொடங்கியது. அப்போது ஒரு சில தங்க வணிக நிறுவனங்கள் கூடிப் பேசி நாளுக்கு ஒரு முறை விலையை முடிவு செய்தன. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் அது மின்னியல் ஏலமாக நடைபெறுகிறது. லண்டனின் பிற்பகல் 3 மணி என்பது சிங்கப்பூரில் இரவு 10 மணி அல்லது 11 மணி. பிரிட்டனில் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் நகர்த்துவதால்தான் இந்த வேறுபாடு.

அமெரிக்க அரசு வேலை வாய்ப்பு நிலவரம், விலைவாசி போன்ற முக்கியப் புள்ளிவிவரங்களை நியூயார்க் நேரப்படி காலை 8.30 மணிக்கு வெளியிடுவது வழக்கம். சிங்கப்பூரில் அப்போது இரவு 8.30 அல்லது 9.30 மணி. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகித அறிவிப்பு வரும்போது சிங்கப்பூரில் நள்ளிரவைத் தாண்டி 2 அல்லது 3 மணி ஆகியிருக்கும். இந்த அறிவிப்புகள் வெளியாகும் சில நிமிடங்களில் தங்கத்தின் விலை வேகமாக ஏறலாம், வேகமாக இறங்கவும் செய்யலாம்.

லண்டனும் நியூயார்க்கும் ஒரே சமயத்தில் விழித்திருக்கும் நேரம், சிங்கப்பூர் மக்கள் இரவு உணவு முடித்து உறங்கப் போகும் நேரம். விலையில் பெரிய அசைவுகள் பலவும் அப்போதுதான் நிகழ்கின்றன. நகைக் கடைகள் அப்போது மூடியிருக்கும், அல்லது மூடும் வேளையை நெருங்கியிருக்கும். ஆகவே, ஓர் இரவில் நடந்த மாற்றம் பெரும்பாலும் மறுநாள் காலையில்தான் பலகையில் தெரிகிறது.

மலிவான மணி என்று ஒன்று உண்டா?

விலை எப்போது அதிகமாக அசையும் என்று சொல்லலாம். எந்தப் பக்கம் அசையும் என்று சொல்ல முடியாது. முதன்முறையாக வாங்குபவர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுவது இயல்பு. "இரவில்தான் விலை மாறுகிறது" என்று கேள்விப்பட்டதும், "அப்படியானால் காலையில் வாங்குவது மலிவு" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார். இரவில் விலை இறங்கியிருந்தால் காலையில் மலிவு. ஏறியிருந்தால் காலையில்தான் விலை அதிகம்.

ஒரு குறிப்பிட்ட மணியில் தங்கம் எப்போதும் மலிவாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உலகம் முழுவதும் வங்கிகளும் பெரு வணிகர்களும் நொடிக்கு நொடி விலையைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். காலை 9 மணிக்கு மலிவு, மாலை 5 மணிக்கு விலை அதிகம் என்ற நிலை நாள்தோறும் இருந்தால், அவர்கள் 9 மணிக்கு வாங்கி 5 மணிக்கு விற்பார்கள். பலரும் 9 மணிக்கு வாங்க வந்தால் அந்த நேரத்து விலை ஏறும். பலரும் 5 மணிக்கு விற்க வந்தால் அந்த நேரத்து விலை இறங்கும். சில நாள்களிலேயே அந்த வேறுபாடு கரைந்துபோகும். எல்லாருக்கும் தெரிந்த மலிவான மணி ஒன்று நீடித்திருக்க முடியாது என்பதற்கு இதுவே காரணம்.

2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நடந்தது இதற்கு நல்ல சான்று. அம்மாதம் 11ஆம் தேதி ஓர் அவுன்ஸ் தங்கம் ஏறத்தாழ 1,560 அமெரிக்க டாலராக இருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகள் இயங்கிய நேரத்தில், அது 1,500 டாலரை ஒட்டி இறங்கியது. சனிக்கிழமை காலை கடைக்குப் போனவர்களுக்கு அது அரிய வாய்ப்பாகத் தோன்றியிருக்கும். ஆனால், சந்தை மீண்டும் இயங்கிய 15ஆம் தேதி திங்கட்கிழமை, ஏறத்தாழ 30 ஆண்டுகளில் கண்டிராத வகையில் ஒரே நாளில் சுமார் 9 விழுக்காடு விழுந்து 1,400 டாலருக்கும் கீழே சென்றது. அந்தச் செய்தியைக் கேட்டு ஆசிய நகரங்கள் பலவற்றில் நகைக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. அம்மாத இறுதிக்குள் விலை ஓரளவு மீண்டது. கூட்டத்தில் நின்று வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். ஜூன் மாத இறுதியிலோ விலை 1,200 டாலரை ஒட்டிச் சரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் "இதுதான் அடிமட்ட விலை" என்று நம்பி வாங்கியவர்கள் இருந்தார்கள். கடிகாரத்தைப் பார்த்து யாரும் அதைச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

கடைப் பலகையின் கடிகாரம்

உலகச் சந்தையின் விலை நொடிக்கு நொடி மாறுகிறது. நகைக் கடையின் பலகை அப்படி மாறுவதில்லை. பொதுவாகக் கடை திறக்கும்போது அன்றைய விலை முடிவு செய்யப்படுகிறது. சந்தையில் பெரிய மாற்றம் இருந்தால் பகலில் ஓரிரு முறை திருத்தப்படும். சிறு மாற்றங்களுக்காகப் பலகையைத் தொடுவதில்லை. எனவே, பலகை விலை உலக விலைக்குச் சற்றுப் பின்னால் நடந்து வருகிறது.

நாளின் நேரத்தால் சிறு பயன் கிடைக்கக்கூடிய இடம் இந்த இடைவெளிதான். மாலை 7 மணிக்கு ஒருவர் கடையில் இருக்கிறார். காலையில் எழுதிய விலை பலகையில் அப்படியே இருக்கிறது. அதற்குள் உலகச் சந்தையில் விலை ஒரு விழுக்காடு ஏறிவிட்டது என்று கைப்பேசி காட்டுகிறது. அவர் அப்போதே வாங்கினால் பழைய விலையில் வாங்குகிறார். மாறாக, உலக விலை ஒரு விழுக்காடு இறங்கியிருந்தால், அவர் மறுநாள்வரை காத்திருப்பது நல்லது. நாளைக் காலை பலகையிலும் விலை இறங்க வாய்ப்பு உண்டு.

ஆனால், இந்தப் பயனுக்கு எல்லை உண்டு. கடைக்காரரும் அதே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். விலை வேகமாக ஏறும் நாளில் அவர் உடனே பலகையை மாற்றுவார். விலை இறங்கும் நாளில் சற்று மெதுவாக மாற்றக்கூடும். மேலும், காத்திருக்கும் இரவில் விலை மறுபடியும் ஏறிவிடலாம்.

வார இறுதியிலும் இதே போன்ற நிலைதான். சனிக்கிழமை விடியற்காலையில் உலகச் சந்தை மூடிவிடுவதால், சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் கடைகள் வெள்ளிக்கிழமையின் கடைசி விலையை வைத்தே வணிகம் செய்கின்றன. திங்கட்கிழமை சந்தை எந்த விலையில் திறக்கும் என்பது கடைக்காரருக்கும் தெரியாது. அந்த ஐயத்துக்கு ஈடாகச் சில விற்பனையாளர்கள், குறிப்பாகத் தங்கக் கட்டி விற்பவர்கள், விற்கும் விலைக்கும் திரும்ப வாங்கும் விலைக்கும் உள்ள இடைவெளியைச் சற்றுக் கூட்டுவதுண்டு. பக்கத்து வீட்டு மாமாவின் அறிவுரையில் உண்மை இருப்பது இந்த அளவுக்குத்தான்.

ஒரு சங்கிலியின் கணக்கு

நேரத்தால் கிடைக்கும் பயன் எவ்வளவு பெரியது என்பதை அறிய ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆன ஓர் இளைஞர், தம் தாயாருக்குப் பத்துக் கிராம் எடையுள்ள 916 சங்கிலி ஒன்றை வாங்க நினைக்கிறார். கணக்கு எளிதாக இருப்பதற்காக, பலகையில் ஒரு கிராம் 150 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். செய்கூலி 150 வெள்ளி.

தங்கத்தின் விலை 1,500 வெள்ளி. செய்கூலியையும் சேர்த்தால் 1,650 வெள்ளி. நகைக்குப் பொருள், சேவை வரி உண்டு. 2024ஆம் ஆண்டு முதல் அது 9 விழுக்காடாக இருக்கிறது. 1,650 வெள்ளிக்கு வரி 148 வெள்ளி 50 காசு. ஆக, அவர் கொடுக்க வேண்டியது 1,798 வெள்ளி 50 காசு.

அவர் காலையில் போகாமல் மாலையில் போகிறார். அதற்குள் பலகை விலை அரை விழுக்காடு இறங்கிவிட்டது. ஒரு கிராமுக்கு 75 காசு குறைவு. பத்துக் கிராமுக்கு 7 வெள்ளி 50 காசு. வரியையும் சேர்த்துக் கணக்கிட்டால் அவருக்கு மிச்சமாவது ஏறத்தாழ 8 வெள்ளி 18 காசு. அரை விழுக்காடு ஏறியிருந்தால் அதே தொகையை அவர் கூடுதலாகக் கொடுத்திருப்பார்.

இப்போது அவர் நேரத்தை விட்டுவிட்டு, இரண்டாவது கடை ஒன்றுக்குப் போகிறார். அங்கும் பலகையில் 150 வெள்ளிதான். ஏறக்குறைய அதே வேலைப்பாடுள்ள பத்துக் கிராம் சங்கிலிக்கு அங்கே செய்கூலி 225 வெள்ளி. வேறுபாடு 75 வெள்ளி. வரியோடு சேர்த்தால் 81 வெள்ளி 75 காசு. நாள் முழுவதும் காத்திருந்து பெறக்கூடிய பயனைவிட இது பத்து மடங்கு. அது மட்டுமன்று. மாலையில் விலை இறங்குமா என்பது யாருக்கும் தெரியாது. எந்தக் கடையில் செய்கூலி குறைவு என்பது கேட்டாலே தெரிந்துவிடும்.

இதே சங்கிலியைப் பிற்பாடு விற்க நேர்ந்தால் என்ன ஆகும்? கடை திரும்ப வாங்கும் விலை கிராமுக்கு 143 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், கைக்கு வருவது 1,430 வெள்ளி. செய்கூலியும் வரியும் திரும்ப வருவதில்லை. வாங்கிய அன்றே விற்றால் 368 வெள்ளி 50 காசு இழப்பு. கொடுத்த பணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டுமானால், திரும்ப வாங்கும் விலை நான்கில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாக ஏற வேண்டும். அணிவதற்காக நகை வாங்குபவருக்கு இது குறையாகாது. சங்கிலியின் அழகுக்கும் பொற்கொல்லரின் உழைப்புக்கும் அவர் கொடுத்த விலை அது. ஆனால், விலை ஏறினால் விற்று ஆதாயம் பார்க்கலாம் என்று எண்ணி நகை வாங்குபவர், காலையா மாலையா என்று யோசிப்பதற்கு முன் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

கட்டியாக வாங்கினால்?

அதே இளைஞர் சேமிப்புக்காகப் பத்துக் கிராம் தங்கக் கட்டி வாங்க விரும்பினால் கணக்கு மாறுகிறது. சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் முதல், முதலீட்டுத் தரத் தங்கத்துக்குப் பொருள், சேவை வரி இல்லை. 99.5 விழுக்காடோ அதற்கு மேலோ தூய்மையுள்ள, விதிமுறைகளுக்கு உட்பட்ட கட்டிகளும் குறிப்பிட்ட சில நாணயங்களும் இதில் அடங்கும். கட்டிக்கு நகை போன்ற வேலைப்பாடு இல்லாததால், உலக விலைக்கு மேல் விற்பனையாளர் கூட்டும் தொகையும் குறைவு.

உலக விலைப்படி பத்துக் கிராம் தூய தங்கம் 1,600 வெள்ளி என்று கொள்வோம். விற்பனையாளர் கட்டியை 1,660 வெள்ளிக்கு விற்று, 1,590 வெள்ளிக்குத் திரும்ப வாங்குகிறார். இடைவெளி 70 வெள்ளி. இங்கே அரை விழுக்காடு அசைவு என்பது 8 வெள்ளி. மற்றச் செலவுகள் சிறியவை என்பதால், இந்த 8 வெள்ளிக்கு நகையில் இருந்ததைவிடச் சற்றுக் கூடுதல் எடை உண்டு. மேலும், கட்டி விற்பவர்கள் பலர் தங்கள் விலையைச் சந்தையோடு சேர்த்து அடிக்கடி மாற்றுகிறார்கள். காலையில் கேட்ட விலை பிற்பகலில் இருக்காது.

ஆகவே, கட்டி வாங்குபவர் இரண்டு சமயங்களைத் தவிர்ப்பது நல்லது. ஒன்று, அமெரிக்கப் புள்ளிவிவரம் வெளியாகும் அந்தச் சில நிமிடங்கள். இரண்டு, சந்தை மூடியிருக்கும் வார இறுதி. இவ்விரு சமயங்களிலும் விலை கூடியிருக்கும் என்பதனால் அன்று. இடைவெளி அகன்றிருக்கலாம் என்பதனால்தான். வார நாளின் பகல் வேளையில் இரண்டு மூன்று விற்பனையாளர்களிடம் விற்கும் விலையையும் திரும்ப வாங்கும் விலையையும் ஒரே நேரத்தில் கேட்டால், எங்கே இடைவெளி குறைவு என்பது தெளிவாகத் தெரியும். ஒருவரிடம் காலையிலும் மற்றொருவரிடம் மாலையிலும் கேட்டு ஒப்பிட்டால், சந்தையின் அசைவும் விற்பனையாளரின் இடைவெளியும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

கூட்டமில்லாத நேரத்தின் மதிப்பு

நேரம் வேறொரு வழியிலும் பணத்தைக் காப்பாற்றும். தீபாவளிக்கு முந்திய வார இறுதி மாலையில் லிட்டில் இந்தியாவின் நகைக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. அட்சய திருதியை நாளிலும் அப்படித்தான். விற்பனையாளர் ஒரே சமயத்தில் நான்கு பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். பின்னால் நிற்பவர் தோளை இடித்துக்கொண்டிருப்பார். அப்போது கேட்க வேண்டிய கேள்விகள் நினைவுக்கு வருவதில்லை. வந்தாலும் கேட்கக் கூச்சமாக இருக்கும்.

அந்த அவசரத்தில் எளிதாகத் தவறிப்போவது கல்லின் எடை. கற்கள் பதித்த பதக்கத்தோடு கூடிய சங்கிலி ஒன்று தராசில் பத்துக் கிராம் காட்டுகிறது. அதில் கற்களின் எடை 0.6 கிராம் என்று கொள்வோம். தங்கத்தின் எடை 9.4 கிராம்தான். பத்துக் கிராமுக்கும் தங்க விலை போடப்பட்டால், வாங்குபவர் 0.6 கிராம் கல்லுக்குத் தங்கத்தின் விலையாக 90 வெள்ளி கொடுக்கிறார். வரியோடு சேர்த்து அது 98 வெள்ளி 10 காசு. இது நடந்திருக்கிறதா என்பதை ரசீதைப் பார்த்தே அறியலாம். மொத்த எடை, கல்லின் எடை, தங்கத்தின் நிகர எடை, கிராமின் விலை, செய்கூலி, வரி ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரே வரியில் மொத்தத் தொகை மட்டும் இருந்தால், பிரித்து எழுதித் தரும்படி கேட்கலாம்.

வார நாளின் முற்பகலில் போகிறவருக்கு இதையெல்லாம் பார்க்க நேரம் கிடைக்கிறது. தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம். கொக்கியின் அருகே பொறித்துள்ள 916 முத்திரையை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகக் காட்டச் சொல்லலாம். கொக்கியைப் பலமுறை திறந்து மூடிப் பார்க்கலாம். "அண்ணே, இதே எடையில் செய்கூலி குறைவான சங்கிலி இருக்கிறதா?" என்று தயங்காமல் கேட்கலாம். விற்பனையாளரும் பொறுமையாக எடுத்துக் காட்டுவார். பெரியம்மா காலையில் போகச் சொன்னது இந்தக் காரணத்துக்காக என்றால், அவர் சொன்னது மிகவும் சரி.

குடும்பத்தில் நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து வாங்குவது வழக்கமாக இருந்தால், அதைக் கைவிட வேண்டியதில்லை. முந்திய வாரத்திலேயே கூட்டமில்லாத வேளையில் போய், நகையைத் தேர்ந்தெடுத்து, எடையையும் செய்கூலியையும் பேசி முடித்துக்கொள்ளலாம். முன்பணம் கட்டி வைத்து, நல்ல நேரத்தில் நகையைப் பெற்றுக்கொள்ளலாம். அப்படிச் செய்யும்போது, கிராமின் விலை முன்பணம் கட்டிய நாளின் விலையா, பெற்றுக்கொள்ளும் நாளின் விலையா என்பதைக் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அட்சய திருதியை அன்று விலை ஏறியிருந்தால், எழுதி வைத்த அந்த ஒரு வரிதான் வழக்கு வராமல் காக்கும்.

எதை முதலில் பார்ப்பது?

நாளின் நேரம் தங்கத்தின் விலையை மாற்றாது என்று சொல்லிவிட முடியாது. அது மாற்றுகிறது, ஆனால், முன்கூட்டியே அறிய முடியாத திசையில், பெரும்பாலான நாள்களில் சிறிய அளவில் மாற்றுகிறது. பத்துக் கிராம் சங்கிலி வாங்குபவருக்கு அது சில வெள்ளிகளைக் கூட்டும் அல்லது குறைக்கும். செய்கூலியும் கல்லின் எடையும் அதைப் போலப் பத்து மடங்கைத் தீர்மானிக்கின்றன. அவை இரண்டும் கேட்டாலோ பார்த்தாலோ தெரிந்துகொள்ளக்கூடியவை.

ஆகவே, முதன்முறையாக வாங்குபவர் முதலில் அணிவதற்கா சேமிப்பதற்கா என்று முடிவு செய்ய வேண்டும். அடுத்து இரண்டு மூன்று கடைகளின் செய்கூலியை ஒப்பிட வேண்டும். பிறகு, தராசையும் முத்திரையையும் ரசீதையும் நிதானமாகப் பார்க்க வசதியான நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடைசியாக, கடைக்குள் நுழையும் முன் கைப்பேசியில் உலக விலையை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். பலகை விலை அதற்கு மிகவும் விலகி இருந்தால், "இந்த விலை எப்போது போட்டது?" என்று கேட்பதில் தவறில்லை.